ஐந்து பீக்கில் ஒரு மூலக்கூறு: புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையைப் படிக்கும் முறை

கையில் இருப்பது ஒரு வெளிறிய தூள். எத்தில் அசிடேட்டில் பிரித்தெடுத்து, ரோட்டரி ஆவியாக்கியிலிருந்து இறக்கியதும் அப்படியே என்.எம்.ஆர். குழாய்க்குப் போனது. மாஸ் ஸ்பெக்ட்ரத்திலிருந்து மூலக்கூறு வாய்பாடு C₉H₁₁NO₂ என்று தெரிந்துவிட்டது. அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதை 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில், CDCl₃ கரைப்பானில் எடுத்த ஒரே ஒரு புரோட்டான் நிறமாலையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். திரையில் வந்த பட்டியல் இது. முதல் எண் வேதி இடப்பெயர்ச்சி, பிபிஎம் அளவில். கடைசி எண் கருவி தந்த பரப்பு, எந்தத் திருத்தமும் செய்யாதது.

```
7.86       d   J = 8.7 Hz   24.0
7.26       s                 --
6.63       d   J = 8.7 Hz   24.3
4.31       q   J = 7.1 Hz   24.4
4.20-3.95  m, br            28.4
2.05       s                 7.3
1.56       s, br             --
1.36       t   J = 7.1 Hz   36.3
1.26       t   J = 7.1 Hz    7.2
```

s என்றால் சிங்லெட், ஒற்றைக் கோடு. d டப்லெட், t டிரிப்லெட், q குவார்டெட்: முறையே இரண்டு, மூன்று, நான்கு கோடுகள். m என்பது பிரித்துச் சொல்ல முடியாத கலவை, br என்பது அகன்று மழுங்கிய பீக்.

முதல் படி: நிறமாலையைத் தொடுமுன் வாய்பாட்டை விசாரியுங்கள்

நிறைவுறாமை எண் என்று ஒன்று உண்டு. மூலக்கூறில் வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் மொத்தம் எத்தனை என்று அது சொல்லும். கார்பன் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, இரண்டைக் கூட்டி, நைட்ரஜன் எண்ணிக்கையையும் கூட்டி, ஹைட்ரஜன் எண்ணிக்கையைக் கழித்து, பாதியாக்க வேண்டும். ஆக்சிஜனைக் கணக்கில் எடுப்பதில்லை.

```
(2 × 9 + 2 + 1 - 11) / 2 = 5
```

ஐந்து என்பது நல்ல துப்பு. ஒரு பென்சீன் வளையம் மட்டுமே நான்கை எடுத்துக்கொள்ளும்: மூன்று இரட்டைப் பிணைப்பு, ஒரு வளையம். நிறமாலையில் 6.5-க்கும் 8-க்கும் இடையே பீக்குகள் இருப்பதால் பென்சீன் வளையம் இருப்பது ஏறக்குறைய உறுதி. மீதி ஒன்று. இரண்டு ஆக்சிஜன் இருக்கும் மூலக்கூறில் அது பெரும்பாலும் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பாக, அதாவது கார்பனைலாக இருக்கும். இதை இப்போதைக்கு ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கார்பனைல் கார்பனில் ஹைட்ரஜன் இல்லையென்றால் புரோட்டான் நிறமாலையில் அது நேரடியாகத் தெரியவே தெரியாது. அக்கம்பக்கத்து ஹைட்ரஜன்களை அது எங்கே தள்ளியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

இரண்டாம் படி: வெளியாட்களை அடையாளம் காணுங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். ஒவ்வொரு பீக்கும் தன் மூலக்கூறுக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத மெத்தில் தொகுதிக்கு இடம் தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

CDCl₃-இல் 7.26-இல் வரும் கோடு, டியூட்டீரியம் ஏறாமல் மிஞ்சிய குளோரோஃபார்ம். 1.56 சுற்றி வரும் அகன்ற கோடு கரைப்பானில் கரைந்த ஈரம். இவை இரண்டும் எப்போதும் இருக்கும். பரப்பே எடுக்காமல் விட்டுவிடலாம்.

அடுத்தது 2.05-இல் நிற்கும் சிங்லெட். இதன் பரப்பு 7.3, மற்ற பெரிய பீக்குகள் எல்லாம் 24-உம் அதற்கு மேலும். ஒரே மூலக்கூறின் பீக்குகள் முழு எண் விகிதத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், தனியாக இளைத்து நிற்கும் பீக் எப்போதும் சந்தேகத்துக்கு உரியது. அதோடு 2.05 ஆய்வகத்தில் அடிக்கடி கண்ணில் படும் எண். எத்தில் அசிடேட்டின் மூன்று பீக்குகள் CDCl₃-இல் 4.12 (குவார்டெட்), 2.05 (சிங்லெட்), 1.26 (டிரிப்லெட்) என்று வரும். நம் பட்டியலில் 2.05 இருக்கிறது, 1.26 இருக்கிறது, இரண்டின் பரப்பும் ஒன்றுதான். அப்படியானால் 4.12-உம் எங்கோ இருந்தாக வேண்டும். பட்டியலில் அது தனியாக இல்லை. 4.20-க்கும் 3.95-க்கும் இடையே கிடக்கும் அந்தக் குழப்பத்துக்குள் அது ஒளிந்திருக்கலாம் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.

எண்களில் இன்னும் சிலவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. எல்லாம் CDCl₃-க்கு: அசிட்டோன் 2.17, டைகுளோரோமீத்தேன் 5.30, எத்தனால் 3.72-இலும் 1.25-இலும், கண்ணாடிக் கருவிகளின் மூட்டுகளில் தடவும் கிரீஸ் 1.26-இலும் 0.86-இலும். கரைப்பான் மாறினால் இந்த எண்கள் எல்லாமே மாறும். DMSO-வுக்கான எண்ணை CDCl₃ நிறமாலையில் தேடக் கூடாது.

மூன்றாம் படி: பரப்பை ஹைட்ரஜன் எண்ணிக்கையாக மாற்றுங்கள்

பீக்கின் உயரம் எதையும் சொல்லாது. அதன் அடியில் உள்ள பரப்புதான் ஹைட்ரஜன் எண்ணிக்கைக்கு ஏற்ப அமையும். 1951-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்ட், தர்மட்டி, பக்கார்ட் மூவரும் எத்தனாலை அளந்தபோது 1:2:3 என்ற பரப்பில் மூன்று பீக்குகளைக் கண்டார்கள்: OH, CH₂, CH₃. ஹைட்ரஜன் எந்தச் சூழலில் இருக்கிறது என்பதையும் எத்தனை இருக்கிறது என்பதையும் ஒரே படத்தில் பார்த்த அந்தக் கணக்குதான் இன்றும் நாம் போடுவது. (அவர்களில் தர்மட்டி பிறகு இந்தியா திரும்பி, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் என்.எம்.ஆர். ஆய்வைத் தொடங்கி வைத்தவர்.)

பரப்பு வெறும் விகிதம்தான் என்பதால் ஏதாவது ஒரு பீக்கை அளவுகோலாக எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. நம் மூலக்கூறுக்குச் சொந்தம் என்று தோன்றும் ஐந்து பரப்புகளையும் கூட்டி 11-ஆல் வகுப்பது பலர் செய்யும் வழி. கூட்டுத்தொகை 137.4, ஒரு ஹைட்ரஜனுக்கு 12.5. அதை வைத்துக் கணக்கிட்டால் 1.92, 1.94, 1.95, 2.27, 2.90 என்று எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கோணலாக வரும். ஒரு பீக்கில் உள்ள கலப்படத்தை ஐந்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோம்.

சரியான வழி, சுற்றிலும் யாரும் இல்லாத, கூர்மையான பீக்குகளை மட்டும் முதலில் ஒப்பிடுவது. 24.0, 24.3, 24.4, 36.3. பார்த்த உடனே 2:2:2:3 என்று தெரிகிறது. 1.36 டிரிப்லெட்டை 3.00 என்று வைத்தால் ஒரு ஹைட்ரஜனுக்கு 12.1. மற்ற மூன்றும் 1.98, 2.01, 2.02 என்று அழகாக உட்கார்ந்துகொள்கின்றன. மொத்தம் 9 ஹைட்ரஜன். வாய்பாட்டில் 11 இருப்பதால் மீதி 2, அந்த 4.20–3.95 குழப்பத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் அங்கே அளந்தது 28.4, அதாவது 2.35. ஹைட்ரஜன் 0.35 என்று ஒன்று கிடையாது. 2.35-ஐ 2 என்று முழுமையாக்கிவிட்டு நகர்ந்தால் விடை மாறாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் தூளில் என்ன கலந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். தனித்து நிற்கும் பீக்குகள் 1.98, 2.01 என்று வரும் அதே நிறமாலையில் ஒன்று மட்டும் 2.35 என்று வந்தால், அது அளவைப் பிழை அல்ல. அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

பரப்பு உண்மையிலேயே தவறாக வரும் இடங்களும் உண்டு. பரப்பெடுக்கும் எல்லையை அறியாமல் பீக்கின் அடிப்பகுதிக்கு உள்ளேயே வெட்டிவிட்டால் அகன்ற பீக்குகள் குறையும். ஃபேஸ் திருத்தம் சரியாக இல்லாமல் அடிக்கோடு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், அகலமாக வெட்டிய இடத்தில் பரப்பு கூடும் அல்லது குறையும். இவை கண்ணில் படும் பிழைகள். கண்ணில் படாத பிழை ஒன்று இருக்கிறது: காத்திருப்பு நேரம்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் ஹைட்ரஜன் கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பச் சில விநாடிகள் ஆகும். எல்லாம் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. மெத்தில், CH₂ போன்றவற்றில் பக்கத்திலேயே வேறு ஹைட்ரஜன்கள் இருப்பதால் சீக்கிரம் திரும்பும். வளையத்தில் தனித்து நிற்பவையும் ஆல்டிஹைடு ஹைட்ரஜனும் மெதுவாகத் திரும்பும். பல ஆய்வகங்களில் வழக்கமான அமைப்பில் `D1` என்ற இந்தக் காத்திருப்பு நேரம் ஒரு விநாடிதான் இருக்கும். அதில் மெதுவானவை முழுதாகத் திரும்புமுன் அடுத்த துடிப்பு வந்துவிடுவதால் அவற்றின் பரப்பு 2-க்குப் பதிலாக 1.8 என்று காட்டும். சந்தேகம் வந்தால் `D1`-ஐ 10 விநாடியாக்கி, துடிப்புகளின் எண்ணிக்கையான `NS`-ஐ 16 வைத்து மறுபடி ஓட்டுங்கள். சமிக்ஞை பிடிக்கும் நேரம் 4 விநாடி என்றால் மொத்தமே 4 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விகிதம் மாறினால் முதல் நிறமாலை பொய் சொன்னது என்று பொருள்.

நான்காம் படி: பிளவைப் படியுங்கள், ஆனால் இடைவெளியை அளந்து படியுங்கள்

பக்கத்துக் கார்பனில் ஒரே மாதிரியான n ஹைட்ரஜன்கள் இருந்தால், பீக் n+1 கோடுகளாகப் பிளக்கும். ஒன்றுக்கொன்று சமமான ஹைட்ரஜன்கள் தங்களுக்குள் பிளவை உண்டாக்காது. CH₃-இன் மூன்றும் சமம். அதனால் அவை பக்கத்து CH₂-வை மட்டும் பார்த்து 2+1, மூன்று கோடாகின்றன. CH₂ பக்கத்து CH₃-ஐப் பார்த்து 3+1, நான்கு கோடாகிறது. டிரிப்லெட்டின் உயரங்கள் 1:2:1, குவார்டெட்டின் உயரங்கள் 1:3:3:1. எத்தில் தொகுதியின் முகம் இதுதான்: இரண்டு ஹைட்ரஜன் குவார்டெட்டும் மூன்று ஹைட்ரஜன் டிரிப்லெட்டும்.

கோடுகளை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நம் குவார்டெட்டின் கோடுகளை நெருங்கிப் பார்த்தால் 4.3366, 4.3189, 4.3011, 4.2834 என்று இருக்கும். முதலுக்கும் கடைசிக்கும் 0.0532 பிபிஎம் தூரம். மூன்று இடைவெளி என்பதால் ஒன்றுக்கு 0.0177. இதைக் கருவியின் 400-ஆல் பெருக்கினால் 7.1 ஹெர்ட்ஸ். இதுதான் J, கப்ளிங் மாறிலி. 1.36 டிரிப்லெட்டில் 1.3778, 1.3600, 1.3422, அங்கேயும் 7.1. ஒன்றையொன்று பிளக்கும் இரண்டு ஹைட்ரஜன் கூட்டங்களின் J ஒன்றாகத்தான் இருக்கும். இரண்டும் ஒத்துப்போவதால் இவை அண்டை வீட்டார் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எத்தில் அசிடேட்டின் J-உம் 7.1 தான். அதனால் J பொருந்துவதை மட்டும் நம்பி 4.31 குவார்டெட்டை 1.26 டிரிப்லெட்டோடு முடிச்சுப் போட்டுவிடலாம். பரப்பு காப்பாற்றுகிறது: 24.4-க்கு 36.3 என்பது 2:3. ஆனால் 24.4-க்கு 7.2 எந்த வகையிலும் 2:3 ஆகாது.

பிளவு விகாரமாகத் தெரிந்தால், புதிய விதி தேடும் முன்பு 7.26 குளோரோஃபார்ம் கோட்டைப் பாருங்கள். அது ஒற்றைக் கோடாகத்தான் இருக்க வேண்டும். அதிலேயே தோள் ஒன்று முளைத்திருந்தால் காந்தப்புலத்தைச் சீராக்கும் ஷிம் சரியில்லை. அந்தத் தோள் எல்லாப் பீக்குகளிலும் அதே பக்கத்தில் இருக்கும். கரைசல் கலங்கலாக இருந்தாலும் கோடுகள் அகலும். 5 முதல் 10 மில்லிகிராம் தூளை 0.6 மில்லிலிட்டரில் கரைத்து, கரையாதது இருந்தால் பாஸ்டர் பிப்பெட்டில் சிறு பஞ்சு வைத்து வடிகட்டிவிட்டு மறுபடி எடுங்கள். 60 மெகாஹெர்ட்ஸ் மேசைக் கருவியில் எடுத்தால் இன்னொரு தொல்லை வரும். அங்கே 7.1 ஹெர்ட்ஸ் என்பது 0.118 பிபிஎம், நம் குவார்டெட் 4.13 முதல் 4.49 வரை பரந்து, பக்கத்துக் குழப்பத்துக்குள் போய் முட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: வளையம் எங்கெங்கே பதிலீடு பெற்றிருக்கிறது

வளையப் பகுதியில் இரண்டே பீக்குகள், ஒவ்வொன்றும் 2 ஹைட்ரஜன், இரண்டும் 8.7 ஹெர்ட்ஸ் டப்லெட். வளையத்தில் மொத்தம் 4 ஹைட்ரஜன் என்றால் இரண்டு இடத்தில் தொகுதிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை நேர் எதிரெதிரே, பாரா நிலையில் இருந்தால் மட்டுமே மூலக்கூறின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல இருந்து, நான்கு ஹைட்ரஜனும் இரண்டு ஜோடியாக முடியும். ஒவ்வொரு ஜோடிக்கும் அடுத்த கார்பனில் ஒரே ஒரு அண்டை, எனவே டப்லெட். அடுத்தடுத்த வளைய ஹைட்ரஜன்களுக்கு J 7 முதல் 9 வரை இருக்கும், 8.7 அதற்குள் வருகிறது. இரு வேறு தொகுதிகள் ஆர்த்தோவிலோ மெட்டாவிலோ இருந்திருந்தால் நான்கு ஹைட்ரஜனும் நான்கு விதமாகி, ஒவ்வொன்றும் 1 ஹைட்ரஜனாகத் தனித்தனியே வந்திருக்கும்.

டப்லெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் முக்கியக் கோடுகளுக்கு இடையிலும் ஓரத்திலும் மெல்லிய துணைக் கோடுகள் தெரியும். பாரா வளையத்துக்கு அது இயல்பு. ஒரு ஜோடியின் இரண்டு ஹைட்ரஜனும் இடப்பெயர்ச்சியில் சமமாக இருந்தாலும், எதிர் ஜோடியிலுள்ள ஒன்றோடு அவற்றுக்கு உள்ள உறவு சமமில்லை: ஒன்று பக்கத்தில், மற்றது தூரத்தில். அதனால் n+1 விதி இங்கே கண்டிப்பாகப் பொருந்தாது, ஏறக்குறையவே பொருந்தும். துணைக் கோடுகளைக் கலப்படம் என்று நினைத்து மறுபடி படிகமாக்கப் போக வேண்டாம்.

ஆறாம் படி: துண்டுகளைச் சேர்த்து, போட்டியாளர்களை எழுதுங்கள்

இப்போது கையில் உள்ள துண்டுகள்: பாரா வளையம் C₆H₄, எத்தில் C₂H₅, எங்கோ 2 ஹைட்ரஜன். வாய்பாட்டிலிருந்து கழித்தால் மிஞ்சுவது ஒரு கார்பன், ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். கார்பனும் ஒரு ஆக்சிஜனும் கார்பனைலுக்கு. நைட்ரஜன் அந்த 2 ஹைட்ரஜனோடு NH₂. எல்லாம் சேருகிறது. ஆனால் சேரும் விதம் ஒன்றல்ல. மூன்றையாவது தாளில் வரைந்து பாருங்கள்: 4-அமினோபென்சோயிக் அமிலத்தின் எத்தில் எஸ்டர், 4-எத்தாக்சிபென்சமைடு, 4-அமினோஃபீனைல் புரோப்பனோயேட். இந்த மூன்றுமே இரண்டு டப்லெட், ஒரு குவார்டெட், ஒரு டிரிப்லெட், ஒரு அகன்ற NH₂ என்று 2:2:2:3:2 கணக்கிலேயே வரும். பிளவும் பரப்பும் இதற்குமேல் உதவாது. முதல் வரைபடம் பொருந்தியதும் பேனாவை மூடிவிடுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

இனிப் பேச வேண்டியது வேதி இடப்பெயர்ச்சி. குவார்டெட் 4.31-இல் இருக்கிறது. எத்தில் தொகுதியின் CH₂ எதோடு ஒட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்து இடம் மாறும்: கார்பனைலோடு நேராக ஒட்டினால் 2.5 பக்கம்; வளையம் தாங்கிய நைட்ரஜனோடு 3.2 பக்கம், வளையம் தாங்கிய ஈதர் ஆக்சிஜனோடு 4.0–4.1, வளைய எஸ்டரின் ஆக்சிஜனோடு 4.3–4.4. எஸ்டரில் கார்பனைல் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் CH₂ இன்னும் கொஞ்சம் அம்பலமாகிறது. புரோப்பனோயேட்டின் குவார்டெட் 2.5 பக்கம் வந்திருக்க வேண்டும், அது வெளியேறியது. எத்தாக்சிபென்சமைடுக்கு 4.08 பக்கம் வர வேண்டும், நம்முடையது 4.31. எஸ்டர் முன்னிலை பெறுகிறது. ஆனால் 0.23 பிபிஎம் வித்தியாசத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம்.

வளையத்திடம் கேளுங்கள். பென்சீனின் 7.27-ஐ அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு தொகுதியும் தனக்கு ஆர்த்தோ, மெட்டா நிலையில் உள்ள ஹைட்ரஜனை எவ்வளவு நகர்த்தும் என்பதற்கு அட்டவணை உண்டு. NH₂ தன் தனி எலக்ட்ரான் ஜோடியை வளையத்துக்குள் கொடுப்பதால் ஆர்த்தோவை 0.75 கீழே இறக்கும், மெட்டாவை 0.25. எஸ்டர் ஆர்த்தோவை 0.71 மேலே தள்ளும், மெட்டாவை 0.11. ஈதர் ஆக்சிஜன் ஆர்த்தோவை 0.48 இறக்கும், மெட்டாவை 0.09. அமைடு ஆர்த்தோவை 0.61 ஏற்றும், மெட்டாவை 0.10.

```
ester:  7.27 + 0.71 - 0.25 = 7.73     7.27 - 0.75 + 0.11 = 6.63
amide:  7.27 + 0.61 - 0.09 = 7.79     7.27 - 0.48 + 0.10 = 6.89
```

முதல் எண்களில் வித்தியாசமே இல்லை, 7.86-க்கு இரண்டுமே கிட்டத்தட்டப் பொருந்தும், இந்தக் கணக்கில் 0.1 பிசகு சகஜம். தீர்ப்புச் சொல்வது இரண்டாவது எண். அளந்தது 6.63. அமினோ தொகுதிக்குப் பக்கத்தில் உள்ள ஹைட்ரஜன்தான் அவ்வளவு தாழும். ஈதருக்குப் பக்கத்தில் 6.9 வரைதான் இறங்கும். குவார்டெட்டும் வளையமும் தனித்தனியாக ஒரே பக்கம் கை காட்டுகின்றன: நைட்ரஜன் வளையத்தில், எத்தில் எஸ்டரில். இது பென்சோகெயின், தொண்டை வலி மாத்திரைகளில் மரத்துப்போகச் செய்யச் சேர்க்கப்படும் அதே பொருள்.

NH₂ எங்கே வருகிறது என்பதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். CDCl₃-இல் பென்சோகெயினின் NH₂ 4.05 பக்கமும், அமைடின் NH₂ 5.5–6 பக்கமும் வருவது உண்மைதான். ஆனால் அதே பென்சோகெயினை DMSO-வில் கரைத்தால் NH₂ 5.9-க்குப் போய்விடும். கரைப்பானோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும் ஹைட்ரஜன்கள் இப்படித்தான் இடம் மாறும்.

ஏழாம் படி: ஒரு சொட்டு கன நீர்

அந்த 2.35-ஐ இன்னும் தீர்க்கவில்லை. NH₂ ஹைட்ரஜன்கள் நீரோடு இடம் மாற்றிக்கொள்ளும் இயல்புடையவை. கன நீர் சேர்த்தால் அவை டியூட்டீரியமாகி நிறமாலையிலிருந்து மறையும். கார்பனில் உள்ள ஹைட்ரஜன்கள் அசையாது. அதே குழாயில் ஒரு சொட்டு D₂O விட்டு, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு, நிறுத்தி வையுங்கள். CDCl₃ கனமானது என்பதால் D₂O மேலே மிதக்கும். கரைசல் 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அந்த நீர் அடுக்கு கருவி பார்க்கும் பகுதிக்கு மேலேயே நின்றுவிடும். கரைசல் குறைவாக இருந்தால் அடுக்கின் எல்லை உள்ளே வந்து கோடுகளைக் கெடுக்கும்.

மறுபடி ஓட்டி, 1.36-ஐ மறுபடி 3.00 என்று வையுங்கள். இரண்டு ஓட்டங்களின் வெற்றுப் பரப்பை நேரடியாக ஒப்பிடக் கூடாது. 4.20–3.95 பகுதியில் இருந்த மேடு கரைந்துபோய், அதனடியிலிருந்து 4.12-இல் ஒரு சுத்தமான குவார்டெட் எழுந்து நிற்கும். பரப்பு 0.40. இடைவெளி 7.1 ஹெர்ட்ஸ். 4.7–4.8 பக்கம் புதிதாக ஒரு நீர்ப் பீக் வரும், அது HOD, கண்டுகொள்ள வேண்டாம். இப்போது கணக்கு முழுதாகப் பொருந்துகிறது: 4.12-இல் 0.40, 2.05-இல் 0.60, 1.26-இல் 0.60, அதாவது 2:3:3, எத்தில் அசிடேட். முன்பு இருந்த 2.35-இல் 0.40 போனால் 1.95. அதுதான் NH₂.

மறையாததால் NH இல்லை என்று திருப்பிப் படிக்கக் கூடாது. அமைடு NH மெதுவாகத்தான் இடம் மாற்றிக்கொள்ளும். ஒரு குலுக்கலில் போகாமல் நிற்பது வழக்கம்.

எவ்வளவு எத்தில் அசிடேட்?

இதே எண்களிலிருந்து தூய்மையும் கிடைக்கும். பரப்பை ஹைட்ரஜன் எண்ணிக்கையால் வகுத்தால் மோல் விகிதம். எத்தில் அசிடேட்டின் 2.05 பீக் 0.60, மூன்று ஹைட்ரஜன், எனவே 0.20. பென்சோகெயினின் 1.36 பீக் 3.00, மூன்று ஹைட்ரஜன், எனவே 1. மூலக்கூறு எடைகள் 88.1, 165.2.

```
0.20 × 88.1 = 17.6
17.6 / (17.6 + 165.2) = 0.096
```

எடையில் 9.6 விழுக்காடு. தராசில் 500 மில்லிகிராம் காட்டினால் அதில் 48 மில்லிகிராம் கரைப்பான்; விளைச்சல் கணக்கு அந்த அளவு பொய்யாக உயர்ந்திருக்கும். எண்ணெய் பம்ப் வெற்றிடத்தில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்திவிட்டு மறுபடி எடுத்தால் 2.05, 1.26 இரண்டும் போய், 4.05 பகுதி 2-க்கு வந்துவிடும்.

எஸ்டரா அமைடா என்பதில் இன்னும் ஐயம் மிஞ்சினால் அகச்சிவப்பு நிறமாலையை நம்பிப் போகாதீர்கள். அமினோ தொகுதி எதிரே இருப்பதால் பென்சோகெயினின் கார்பனைல் 1685 cm⁻¹ பக்கம் தாழ்ந்து, அமைடின் எல்லைக்குள் வந்துவிடும். கார்பன் நிறமாலையில் OCH₂ எஸ்டருக்கு 60 பிபிஎம் பக்கமும் வளைய ஈதருக்கு 63–64 பக்கமும் வரும். இன்னும் நேரான சாட்சி வேண்டுமென்றால், ஹைட்ரஜனை இரண்டு மூன்று பிணைப்பு தள்ளியுள்ள கார்பனோடு இணைத்துக் காட்டும் `HMBC` எடுங்கள்: 4.31 குவார்டெட்டிலிருந்து கார்பனைல் கார்பனுக்குப் புள்ளி விழுந்தால், அந்த CH₂ எஸ்டர் ஆக்சிஜனில்தான் இருக்கிறது.

உலர்த்தி எடுத்த நிறமாலையை ஆய்வேட்டில் எழுதும் முறை இது:

```
1H NMR (400 MHz, CDCl3) δ 7.86 (d, J = 8.7 Hz, 2H),
6.63 (d, J = 8.7 Hz, 2H), 4.31 (q, J = 7.1 Hz, 2H),
4.05 (br s, 2H), 1.36 (t, J = 7.1 Hz, 3H)
```